ஏ2 விண்டோவில் 27.6 சதவீதம்: ஒரு புதுச்சேரித் தம்பதியின் தலசீமியா கேரியர் பரிசோதனை

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பெண்ணுக்கு வயது 26, புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு 31, சொந்த ஊர் நெல்லிக்குப்பம். இருவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் இல்லை. இது இரண்டாவது கர்ப்பம், ஒன்பதாவது வாரம். முதல் கர்ப்பம் தொடக்கத்திலேயே கலைந்துபோனது. ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணு மாற்றத்தை ஒரு பிரதியில் மட்டும் சுமக்கும் கேரியரா என்று அறிய, அந்தச் சமயத்தில் வேறோர் இடத்தில் இருவருக்கும் ரத்தம் பார்த்திருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

பெண்ணின் ரிப்போர்ட், மின்சாரம் பாய்ச்சி ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் செய்து எழுதியது: "ஹீமோகுளோபின் ஏ2 - 28 சதவீதம். பீட்டா தலசீமியா கேரியர்." கணவருடையது, அந்த வகைகளை வேறு வழியில் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் ரிப்போர்ட்: "ஏ2 - 3.6 சதவீதம். குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை." ஏ2 என்பது எல்லோர் ரத்தத்திலும் சிறிதளவு இருக்கும் ஹீமோகுளோபின் வகை, பீட்டா தலசீமியா கேரியரிடம் அது கூடும். இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒருவர் மட்டும்தான் கேரியர், பிள்ளைக்குப் பெரிய நோய் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை பார்த்த மகப்பேறு மருத்துவர் கணவரின் ரத்த அணு எண்ணிக்கையையும் வாங்கிப் பார்த்தார். அதில் சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. இயல்பைவிடக் குறைந்து 66 என்று இருந்ததும் இருவரையும் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்.

அந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்கள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. எண்ணுக்குக் கொடுத்த பெயர்தான் இரண்டிலும் தவறு. கேரியர் பரிசோதனையில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இதுதான் என்பதால் இந்தத் தம்பதியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெண்ணின் ரத்தம்

ஹீமோகுளோபின் 11.1 கிராம், சிவப்பணுக்கள் 4.5 மில்லியன், எம்.சி.வி. 76, ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபினின் அளவான எம்.சி.எச். 24.7. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருந்தது. அதாவது இரும்புச்சத்துக் குறைவு இல்லாமலே அணுக்கள் சற்றுச் சிறியவை. பீட்டா தலசீமியா கேரியர் என்றால் எம்.சி.வி. பெரும்பாலும் 60-களிலோ 70-ஐ ஒட்டியோ இருக்கும். 76 என்பது அதற்குக் கொஞ்சம் அதிகம். இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் பழைய ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்பது இங்கேயே தெரிகிறது.

அடுத்தது எச்.பி.எல்.சி. இதில் ரத்தத்தைக் கரைத்து, எதிர்மின் தன்மையுள்ள துகள்கள் அடைத்த ஒரு சிறு குழாய் வழியாக அனுப்புகிறோம். ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அந்தத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பஃபரின் உப்பு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பிடிப்பு குறைந்தவை முதலில் கழன்று வரும், நேர்மின் சுமை கூடுதலாக உள்ளவை கடைசியில் வரும். வெளியே வருவதை 415 நானோமீட்டர் ஒளியில் அளந்து கருவி வரைபடமாகப் போடுகிறது. ஒரு மாதிரிக்கு ஆறரை நிமிடம்தான். எங்கள் கருவியில் கருவிலிருக்கும்போது அதிகமாக உள்ள எஃப் ஒரு நிமிடத்தை ஒட்டி வரும், பெரியவர்களின் முதன்மை ஹீமோகுளோபினான ஏ இரண்டு முதல் மூன்று நிமிடத்துக்குள் வரும், ஏ2 3.3 முதல் 3.9 நிமிடத்துக்குள் வரும். அதற்குப் பின்னால் டி, எஸ், சி எனும் மாறுபட்ட ஹீமோகுளோபின்களுக்கு வரிசையாக விண்டோக்கள், அதாவது நேர எல்லைகள், இருக்கின்றன.

இந்த விண்டோக்களின் பெயர்கள்தான் ஆளை ஏமாற்றுகின்றன. கருவிக்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. 3.3-க்கும் 3.9-க்கும் இடையில் எது கழன்று வந்தாலும் அதற்கு "ஏ2" என்றே பெயர் போட்டு, பரப்பளவைச் சதவீதமாக அச்சடித்துவிடும். வந்தது உண்மையிலேயே ஏ2 தானா என்று கேட்க வேண்டியது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள்.

பெண்ணின் வரைபடத்தில் எஃப் 0.8 சதவீதம். ஏ2 விண்டோவில் 3.69 நிமிடத்தில் ஒரு பெரிய பீக், 27.6 சதவீதம். வரைபடத்தைப் பார்க்கும் முன்பு நான் இரண்டு விஷயங்களைச் சரிபார்ப்பேன். மொத்தப் பரப்பளவு கருவி ஏற்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்பது ஒன்று. ரத்தம் மிகவும் நீர்த்து ஏறியிருந்தால் சதவீதங்களை நம்ப முடியாது. அன்றைய கன்ட்ரோல் இரண்டிலும் ஏ2 எங்கே, எவ்வளவு வந்தது என்பது மற்றொன்று. குழாய் பழையதாக ஆக, வரும் நேரம் மெல்ல நகரும். விண்டோவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பீக்கைப் பக்கத்து விண்டோவின் பெயரில் எழுதிவிடும் ஆபத்து அதனால்தான் வருகிறது. அன்று இரண்டுமே சரியாக இருந்தன.

இனி 27.6-க்கு வருவோம். பீட்டா தலசீமியா கேரியரிடம் ஏ2 ஏன் கூடுகிறது? ஹீமோகுளோபின் ஏ-யில் ஆல்ஃபா சங்கிலியோடு பீட்டா சங்கிலி சேர்ந்திருக்கும், ஏ2-வில் பீட்டாவுக்குப் பதில் டெல்டா. பீட்டா சங்கிலி குறைவாக உற்பத்தியாவதால், ஆல்ஃபா சங்கிலிகளோடு சேர டெல்டா சங்கிலிக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கிறது. அப்படிக் கூடினாலும் வழக்கமாக 4 முதல் 6 வரை, சிலரிடம் 8 வரை போகும். டெல்டா மரபணு இயல்பிலேயே சோம்பலானது, அதற்கு மேல் அதனால் உற்பத்தி செய்ய முடியாது. எனவே ஏ2 விண்டோவில் 10-ஐத் தாண்டி ஒரு எண் வந்தாலே, அங்கே வேறொரு ஹீமோகுளோபின் ஒளிந்திருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும். 28 என்று எழுதி அதற்குக் கீழே பீட்டா தலசீமியா என்று முடித்ததில் பிசகு இங்கேதான் நடந்தது.

ஒளிந்திருக்கக் கூடியவை மூன்று. ஹீமோகுளோபின் ஈ பொதுவாக 25 முதல் 30 சதவீதம் இருக்கும், அணுக்கள் சற்றுச் சிறியவை. ஹீமோகுளோபின் லெப்போர் பெரும்பாலும் 8 முதல் 15-க்குள் நிற்கும், எம்.சி.வி. நன்றாகவே குறைந்திருக்கும். டி-ஈரான் 35-ஐத் தாண்டி 45 வரை வரும், அணுக்களின் அளவு இயல்பாக இருக்கும். ஆக, அளவை வைத்தே ஈ தான் என்று ஊகித்துவிடலாம். ஆனாலும் ஊகத்தை ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவோ ஆல்ஃபா தலசீமியாவோ கூட இருந்தால் இந்தச் சதவீதங்கள் எல்லாமே இறங்கும். அப்போது ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று வந்து நிற்கும்.

ஜெல் சொன்னது

அதனால் அதே ரத்தத்தை எலக்ட்ரோபோரெசிஸில் போட்டோம். பழைய ரிப்போர்ட்டும் எலக்ட்ரோபோரெசிஸ்தானே, பின்னே ஏன் மறுபடியும் என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு அதை அளவு பார்க்கப் பயன்படுத்தினார்கள், நாங்கள் இடம் பார்க்கப் பயன்படுத்தினோம்.

ஜெல்லைச் சாயமேற்றி ஸ்கேன் செய்து ஏ2-வின் சதவீதத்தைச் சொல்வது நம்பகமான முறை இல்லை. இயல்பான ஏ2 மெல்லிய, மங்கலான பேண்ட். அதில் 3.4-க்கும் 3.9-க்கும் உள்ள வேறுபாட்டை ஸ்கேனரால் சரியாகப் பிடிக்க முடியாது. ஜெல்லின் பலம் வேறு. அது மின் சுமையை வேறொரு வழியில் பிரித்துக் காட்டுகிறது. எச்.பி.எல்.சி.யில் ஒரே விண்டோவுக்குள் விழும் மூன்றும் ஜெல்லில் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

பி.எச். 8.6 பஃபரில் எல்லா ஹீமோகுளோபினும் எதிர்மின் சுமை பெற்று நேர்மின் முனையை நோக்கி ஓடும். ஏ முன்னால் போகும், அதற்கு அடுத்து எஃப், பிறகு எஸ் நிற்கும் இடம், கடைசியில் ஏ2-வும் சி-யும் நிற்கும் இடம். லெப்போரும் டி-ஈரானும் எஸ் இடத்துக்கு வந்துவிடும். ஈ மட்டும் பின்தங்கி ஏ2-வோடேயே நிற்கும். காரணம் எளிது. ஹீமோகுளோபின் ஈ-யில் பீட்டா சங்கிலியின் 26-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்திருக்கிறது. ஒரு எதிர்மின் சுமை போனது, அந்த இடத்தில் ஒரு நேர்மின் சுமை வந்தது, ஆக இரண்டு படி மாற்றம். அதே காரணத்தால்தான் எச்.பி.எல்.சி. குழாயிலும் அது துகள்களை இறுகப் பிடித்துக்கொண்டு ஏ2-வின் நேரத்துக்குத் தாமதமாக வந்து சேர்கிறது.

எங்கள் ஜெல்லில் ஏ, எஃப், எஸ், சி நான்கும் கலந்த கன்ட்ரோலை ஒரு லேனிலும், பெண்ணின் மாதிரியைப் பக்கத்து லேனிலும் ஓட்டினோம். ஏ இடத்தில் ஒரு தடித்த பேண்ட், சி இடத்தில் இன்னொன்று. எஸ் இடம் காலி. லெப்போரும் டி-ஈரானும் அத்தோடு கழிந்தன. சி இடத்தில் நிற்பது சி-யாகவே இருக்கக் கூடாதா என்றால், சி எச்.பி.எல்.சி.யில் ஐந்து நிமிடத்தை ஒட்டித்தான் வரும், 3.69-இல் வராது. ஜெல்லில் ஒரே இடத்தில் நிற்கும் ஈ-யையும் சி-யையும் எச்.பி.எல்.சி. பிரித்தது. எச்.பி.எல்.சி.யில் ஒன்றாக விழுந்த ஈ-யையும் லெப்போரையும் ஜெல் பிரித்தது. இரண்டு முறையும் சேர்ந்து மிச்சம் வைத்தது ஈ ஒன்றைத்தான். எச்.பி.எல்.சி. இல்லாமல் ஜெல் மட்டும் உள்ள இடத்தில், பி.எச். 6.2-இல் அமில ஜெல் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாம். அதில் ஈ, ஏ-யோடு சேர்ந்துவிடும், சி தனியாகப் பிரிந்து நிற்கும்.

முடிவு: ஹீமோகுளோபின் ஈ கேரியர். குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது, "அப்பாவோட அம்மா சைகோன்காரங்க டாக்டர், தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தாரு" என்றார் பெண். புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. ஹீமோகுளோபின் ஈ தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா சந்திக்கும் பகுதியில் மிக அதிகம், வியட்நாமிலும் உண்டு. நம் நாட்டில் வடகிழக்கிலும் வங்காளத்திலும் பரவலாக இருக்கிறது. அதற்காகப் பாட்டி வெளிநாட்டுக்காரர் என்றால்தான் ஈ பார்க்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எந்தத் தொடர்பும் இல்லாத தமிழ்க் குடும்பங்களிலும் வருகிறது.

கேரியர்தானே, தலசீமியாவாக இருந்தால் என்ன, ஈ-யாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஈ மட்டும் இரண்டு பக்கமும் வந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் லேசான ரத்தசோகையோடு போய்விடும். ஈ ஒரு பக்கமும் பீட்டா தலசீமியா மறு பக்கமும் சேர்ந்தால் கதை வேறு. ஈ-யை உண்டாக்கும் அதே மரபணு மாற்றம் பீட்டா சங்கிலியின் உற்பத்தியையும் குறைக்கிறது. கேரியரிடம் ஈ பாதியளவு இல்லாமல் 27 சதவீதத்தில் நிற்பதும் அதனால்தான். இந்தக் கூட்டில் சில பிள்ளைகள் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகிறார்கள், சிலர் ஓரளவு சமாளிக்கிறார்கள். முன்கூட்டியே எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நோய் அது. எனவே எல்லாம் இப்போது கணவரின் 3.6-இல் வந்து நின்றது.

கணவரின் 3.6

அவருக்கு ஹீமோகுளோபின் 11.8, சிவப்பணுக்கள் 5.6 மில்லியன், எம்.சி.வி. 66, எம்.சி.எச். 21. எங்கள் எச்.பி.எல்.சி.யிலும் ஏ2 3.6 தான் வந்தது, வேறு பீக் எதுவும் இல்லை. பொதுவாக 3.5-க்குக் கீழே என்றால் இயல்பு, 4-க்கு மேல் என்றால் கேரியர் என்று எடுத்துக்கொள்வோம். நடுவில் வருவது இரண்டுமாக இருக்கலாம். அந்த இடத்தில் "நார்மல்" என்று எழுதுவது தப்பு, "கேரியர்" என்று எழுதுவதும் தப்பு.

ஃபெரிட்டின் 8. ஆண்களுக்கு இவ்வளவு குறைந்தால் ரத்தம் எங்கோ கசிகிறது என்று பொருள். கேட்டதற்கு, பல வருடமாக மூலம் இருக்கிறது, கூச்சத்தில் யாரிடமும் காட்டவில்லை என்றார். இங்கேதான் பழைய ரிப்போர்ட் எழுதியவர்கள் சறுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்: அணுக்கள் சிறியவை, இரும்பு குறைவு, ஆகவே காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் இரும்புக் குறைவு ஒன்றே காரணம் என்றால் சிவப்பணு எண்ணிக்கையும் சேர்ந்து குறைய வேண்டும். இவருக்கு 5.6 மில்லியன் இருக்கிறது. எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்தால் 11.8. இந்தக் கணக்கு 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சாய்கிறது என்பார்கள். தனியாக நம்பத்தக்க சோதனை இல்லை இது, ஆனால் சந்தேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் போதும்.

இரும்புச்சத்துக் குறைந்தால் ஏ2-வும் குறையும். ஆல்ஃபா சங்கிலிகளுக்குத் தட்டுப்பாடு வரும்போது அவற்றைப் பீட்டா முந்திப் பிடித்துக்கொள்கிறது, டெல்டாவுக்கு மிஞ்சுவதில்லை என்று இதை விளக்குவார்கள். பெரும்பாலான கேரியர்களிடம் இந்தக் குறைவு ஏ2-வை இயல்பு எல்லைக்குள் தள்ளுமளவு இருக்காது. ஆனால் கடுமையான குறைவு இருப்பவரிடம் 4.8 ஆக இருக்க வேண்டியது 3.6-க்கு இறங்கி, ஆளையே மறைத்துவிடும். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் கேரியர் இல்லாதவருக்கும் ஏ2 கொஞ்சம் ஏறும். இவருக்கு பி12 சரியாக இருந்தது.

புத்தகம் சொல்லும் வழி, மூன்று மாதம் இரும்பு மாத்திரை கொடுத்து மறுபடி எச்.பி.எல்.சி. பார்ப்பது. கல்யாணத்துக்கு முன்பு வந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மனைவி ஒன்பதாவது வாரத்தில் இருக்கும்போது அது உதவாது. கருவின் நஞ்சுத்திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள் நடந்தாக வேண்டும். மூன்று மாதம் காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப்போகும்.

எனவே இரண்டு வேலையை ஒரே நாளில் தொடங்கினோம். கணவருக்கும் மனைவிக்கும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் வேலூருக்குப் போனது. கணவரின் அம்மாவையும் அப்பாவையும் உடனே வரச் சொன்னோம். பீட்டா தலசீமியா பெற்றோரில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், அவருக்கு இரும்பு சரியாக இருந்தால் ஏ2 மறையாமல் தெரியும். இதற்கு ஒரு நாளும் இரண்டு டியூப் ரத்தமும் போதும். ஆனாலும் இதைக் கேட்பவர்கள் குறைவு.

அம்மா வரும்போதே, "எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லையே சார், எதுக்கு ரத்தம் எடுக்கறீங்க?" என்றார். மருமகளுக்காக என்று சொன்னதும் கையை நீட்டிவிட்டார். அவருக்கு எம்.சி.வி. 65, ஃபெரிட்டின் 48, ஏ2 5.3 சதவீதம். ஐயத்துக்கு இடமில்லாத பீட்டா தலசீமியா கேரியர். அப்பாவுக்கு எல்லாம் இயல்பு. அன்று மாலையே மகப்பேறு மருத்துவரிடம் பேசி, கணவரைக் கேரியர் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த ஏற்பாட்டைத் தொடங்கச் சொன்னேன்.

டி.என்.ஏ. விண்ணப்பத்தில் மனைவிக்கு "ஹீமோகுளோபின் ஈ கேரியர்" என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு முதலில் தேடப்படுவது அதிகம் காணப்படும் ஐந்து மாற்றங்களைத்தான். அந்த ஐந்தில் ஹீமோகுளோபின் ஈ இல்லை. பழைய ரிப்போர்ட்டை நம்பி "பீட்டா தலசீமியா கேரியர்" என்று எழுதியிருந்தால், ஐந்தும் இல்லை என்று பதில் வந்திருக்கும், அடுத்து என்ன என்று தேடுவதிலேயே நாள் ஓடியிருக்கும்.

பன்னிரண்டாவது வாரம் தொடங்குவதற்குள் பதில் வந்தது. கணவருக்கு ஐ.வி.எஸ். 1-5 மாற்றம் ஒரு பிரதியில். நம் நாட்டில் மிக அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம் இதுதான். மனைவிக்கு கோடான் 26, அதாவது ஈ. இருவரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு ஈ-பீட்டா தலசீமியாவுக்கு என்று விளக்கினோம். பரிசோதனை வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நஞ்சுத்திசு மாதிரியில் தாயின் செல்கள் கலக்கவில்லை என்பதை உறுதிப்படுத்திய பிறகே பதில் தந்தார்கள்: பிள்ளைக்கு அப்பாவின் ஐ.வி.எஸ். 1-5 மட்டும் வந்திருக்கிறது, ஈ வரவில்லை. பாட்டியைப் போல அதுவும் கேரியர்.

ரிப்போர்ட்டில் எழுதியதும் எழுத முடியாததும்

பெண்ணின் ரிப்போர்ட்டில் ஏ2-வுக்கு நேரே எண் போடவில்லை. "ஏ2 + ஈ: 27.6 சதவீதம்" என்று போட்டோம். எங்கள் எச்.பி.எல்.சி.யில் இரண்டையும் பிரித்து அளக்க வழியில்லை. கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் இருக்கும் இடத்தில் ஈ தனியாகவும் ஏ2 தனியாகவும் வரும். இரண்டு முறைகளின் பெயரையும் எழுதி, கணவரைப் பரிசோதிப்பது அவசரம் என்பதையும் சேர்த்தோம்.

கணவரின் முதல் ரிப்போர்ட்டில் "ஏ2 எல்லைக்கோட்டில், கடுமையான இரும்புக் குறைவு இருப்பதால் பீட்டா தலசீமியா கேரியர் என்பதை மறுக்க முடியாது, பெற்றோரையும் டி.என்.ஏ.வும் பார்க்கவும்" என்று எழுதினோம். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருக்கிறாரா என்று கேட்டதையும் அதில் குறித்தோம். ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்து, இந்த எண்கள் எதையும் நம்ப முடியாமல் போயிருக்கும்.

இவருக்கு அம்மாவின் ரிப்போர்ட் கைகொடுத்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. இரும்பு சரியாக இருந்தும் அணுக்கள் சிறியவையாகவும் ஏ2 இயல்பாகவும் இருப்பவர்களிடம் ஆல்ஃபா தலசீமியா இருக்கலாம், டெல்டா மரபணுவில் ஒரு குறை சேர்ந்து பீட்டா தலசீமியாவை மறைத்திருக்கலாம். சில மென்மையான பீட்டா மாற்றங்களில் எம்.சி.வி.யும் ஏ2-வும் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். அங்கே ஜெல்லும் எச்.பி.எல்.சி.யும் எவ்வளவு முறை ஓட்டினாலும் பெயர் சொல்லாது. துணைவர் கேரியர் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், நேராக டி.என்.ஏ.வுக்குப் போவதே சரி.

கணவர் மூலத்துக்குச் சிகிச்சை எடுத்து, இரும்பு மாத்திரையும் முடித்து வந்தபோது ஃபெரிட்டின் 41, ஏ2 4.9. அவருடைய தங்கைக்கு அந்த வருடம் நெல்லிக்குப்பத்தில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவரையும் கூடவே அழைத்து வந்திருந்தார்.